இரண்டு யூரோவா, பன்னிரண்டு யூரோவா?

பிரெஞ்சில் இரண்டுக்கு 'தெ' என்று பெயர், பன்னிரண்டுக்கு 'தூஸ்'. புத்தகத்தில் பார்த்தால் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பின்னால் 'யூரோ' வந்து ஒட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் இரண்டு யூரோவை 'தெ-ஸெரோ' என்பார், பன்னிரண்டு யூரோவை 'தூ-ஸெரோ' என்பார். (இங்கே 'ஸ' என்று எழுதியிருப்பதைத் தொண்டை அதிரும் இஸட் ஒலியாகப் படியுங்கள்.) மூன்று யூரோ 'த்ருவா-ஸெரோ', பதின்மூன்று 'த்ரே-ஸெரோ'. ஆறு 'ஸீ-ஸெரோ', பதினாறு 'ஸே-ஸெரோ'. இந்த ஒவ்வொரு ஜோடியிலும் விலையைப் பிரித்துக் காட்டுவது ஓர் உயிரொலி மட்டும்தான்.

எழுத்தில் இருந்தும் ஒலிக்காமல் கிடக்கும் கடைசி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொண்டு அதன்மேல் ஏறிவிடும். தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. 'அவன் இல்லை' என்பது 'அவனில்லை' ஆகும் அதே புணர்ச்சிதான். நமக்குப் புணர்ச்சியைப் பிரித்துக் கேட்கக் காது பழகியிருக்கிறது, பிரெஞ்சில் இன்னும் பழகவில்லை. தொடக்க நிலைத் தேர்வில் கேட்டல் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தெரியாத சொல்லால் அல்ல, தெரிந்த சொல் ஒட்டி வந்ததால்தான்.

இந்தத் தொடக்க நிலைத் தேர்வில் பலரும் எழுதுவது டெல்ஃப் ஏ1. பிரான்ஸின் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ் இது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. கேட்டல் ஏறத்தாழ 20 நிமிடம். ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்ந்தே மூன்று நிமிடத்தைத் தாண்டாது, ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள். தொலைபேசியில் விட்டுச் சென்ற தகவல், ரயில் நிலைய அறிவிப்பு, கடையில் இருவர் பேசுவது போன்றவைதான் வரும். கேட்கப்படுவதும் எளிய விஷயங்களே: எத்தனை மணி, எந்த நாள், எவ்வளவு, எங்கே.

இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. வானொலி, பாட்டு, சிறு உரையாடல் மூன்றும் இலவசம். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

வானொலி: முப்பது வினாடி போதும்

பிரான்ஸின் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ, 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்று நாள்தோறும் பத்து நிமிட நிகழ்ச்சி ஒலிபரப்புகிறது. francaisfacile.rfi.fr தளத்தில் ஒலியும் அதன் எழுத்து வடிவமும் கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே 'எளிய' என்பது ஓரளவு பிரெஞ்சு தெரிந்தவருக்கு எளிது என்ற பொருளில்தான். ஏ1 மாணவர் பத்து நிமிடத்தையும் கேட்டால் காதில் இரைச்சல்தான் மிஞ்சும்.

அதனால் முதல் முப்பது வினாடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பவர் தொடக்கத்தில் உலகப் பொது நேரத்தையும் பாரிஸ் நேரத்தையும் சொல்வது வழக்கம். இரண்டையும் குறித்துக்கொண்டால் விடையை நீங்களே சரிபார்க்கலாம், ஏனென்றால் பாரிஸ் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் முன்னால் இருக்கும். உங்கள் தாளில் அந்த வித்தியாசம் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்றைக் காது தவறவிட்டிருக்கிறது.

முதல் முறை கேட்கும்போது எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் எழுதுங்கள். இரண்டாம் முறை விட்டதைப் பிடியுங்கள். மூன்றாம் முறை எழுத்து வடிவத்தைத் திறந்து வைத்துக் கேட்டு, காதில் விழாத இடங்களில் கோடு போடுங்கள். கோடு விழுந்த சொல் தெரியாத சொல் என்றால் விட்டுவிடலாம். தெரிந்த சொல் ஒட்டிக்கொண்டு வந்ததால் தவறியது என்றால் அதற்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் பாடம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப மாட்டுவது ஏழெட்டு இடம்தான் என்று தெரியும்.

எண்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. பிரெஞ்சில் 75 என்பது 'அறுபது பதினைந்து', 92 என்பது 'நான்கு இருபது பன்னிரண்டு'. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 'அறுபது' காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிட்டால், 'பதினைந்து' வந்ததும் அடிக்க வேண்டியிருக்கும், அடிப்பதற்குள் அடுத்த ஜோடி ஓடிவிடும். ஜோடி முடியும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கப் பழக வேண்டும். வானிலை அறிக்கை இதற்கு நல்ல களம். ஊர்ப் பெயர், வெப்பநிலை, அடுத்த ஊர்ப் பெயர் என்று எண்ணாகவே வரும்.

பாட்டு: சொல் எங்கே முடிகிறது?

பெல்ஜியப் பாடகர் ஸ்ட்ரோமே 2013-இல் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பு 'பப்பாஊத்தே'. ஒரே சொல்லாக எழுதியிருந்தாலும் உண்மையில் அது நான்கு சொல்: 'பப்பா, ஊ, த்'யே'. அப்பா, நீ எங்கே இருக்கிறாய் என்று பொருள். காதில் விழுகிற மாதிரியே ஒட்டி எழுதிவிட்டார். பாட்டைப் பயிற்சிக்கு எடுப்பதன் பயன் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் பல்லவியை வரிகளைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, பிறகு அச்சிட்ட வரியோடு ஒப்பிட்டால் சொற்கள் எங்கே கைகோக்கின்றன என்பது பிடிபடும்.

பாட்டு ஏமாற்றும் இடமும் உண்டு. 'ஃப்ரேர் ஜாக்' என்ற குழந்தைப் பாட்டின் தலைப்பைப் பேச்சில் சொன்னால் இரண்டே அசை. பாடும்போது 'ஃப்ரே-ர ஜா-க' என்று நான்காக நீளும். பேச்சில் ஒலிக்காத கடைசி 'எ' எழுத்தை மெட்டுக்காக இழுக்கிறார்கள். அதைப் பழகிக்கொண்டு தேர்வறையிலும் இழுத்தால் பிரெஞ்சு ராகம் பாடும். எனவே வரியைப் பாடி முடித்ததும், மெட்டில்லாமல் சாதாரணப் பேச்சு வேகத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இன்னொன்று, பாட்டில் எங்கும் 'த்யூ', அதாவது 'நீ'. தேர்வாளரிடம் 'வூ', அதாவது 'நீங்கள்' என்றுதான் பேச வேண்டும்.

உரையாடல்: வாய்க்கான வேலை

பேச்சுத் தேர்வு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். தயார் செய்யப் பத்து நிமிடம் தருவார்கள். முதலில் உங்களைப் பற்றிய கேள்விகள். பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வது சகஜம், நம்மவர்கள் அங்கேயே சறுக்குவார்கள். ஆங்கில 'ஜே' எழுத்துக்குப் பிரெஞ்சில் பெயர் 'ஜி', ஆங்கில 'ஜி' எழுத்துக்குப் பெயர் 'ஜே'. ராஜேஷ் என்பவர் பழக்க தோஷத்தில் 'ஜே' என்றால், தேர்வாளர் தாளில் அது 'ராகேஷ்' ஆகிவிடலாம். 'ஏர், ஆ, ஜி, எ, எஸ், ஆஷ்' என்று உங்கள் பெயரின் எழுத்துகளை உறக்கத்திலும் சொல்ல வரவேண்டும்.

அடுத்தது கேள்வி கேட்கும் பகுதி. 'ஞாயிறு', 'சினிமா', 'குடும்பம்' என்று ஒரு சொல் மட்டும் எழுதிய சீட்டுகள் வரும். அந்தச் சொல்லைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது, தேர்வாளரிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். 'சினிமா' சீட்டு வந்தால் 'எனக்கு சினிமா பிடிக்கும்' என்பது தவறு, 'உங்களுக்கு சினிமா பிடிக்குமா?' என்பதே சரி. வீட்டில் துண்டுச் சீட்டில் முப்பது சொல்லை எழுதிப் போட்டுக் குலுக்கி, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி என்று விளையாடினால் போதும்.

கடைசியில் கடைக் காட்சி. தேர்வாளர் கடைக்காரர், நீங்கள் வாங்க வந்தவர். கையில் படங்களும் விளையாட்டு நாணயங்களும் தருவார்கள். இதற்கு apprendre.tv5monde.com தளத்தில் உள்ள தொடக்க நிலை உரையாடல்களில் கடைக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் முழுக்கக் கேளுங்கள். பிறகு பேசுபவரை அரை வினாடி பின்தொடர்ந்து நிழல்போலச் சொல்லுங்கள். பிறகு வாங்குபவர் பேசும் இடத்தில் நிறுத்தி நீங்களே பேசி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். முன்பே மனப்பாடம் செய்த வரிசையில் கடைக்காரர் பேச மாட்டார் என்பதால், பழகப் பழக அளவையும் பொருளையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வணக்கம், வேண்டுவது, எவ்வளவு, காசு, நன்றி என்ற ஐந்து படியில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. 'வேண்டும்' என்பதற்கு 'ஜ வே' என்றால் முரட்டுத்தனம், 'ஜ வூத்ரே' என்பதே மரியாதை. புரியவில்லை என்றால் 'வூ பூவே ரெப்பெத்தே?', அதாவது 'திரும்பச் சொல்கிறீர்களா?' என்று கேட்கலாம்.

உச்சரிப்பில் பலரும் பயப்படுவது மூக்கொலிக்கு. நாம் அதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம், கவனிப்பதில்லை. பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது உதடு மூடாமல் முடிகிற ஒலிதான் 'ஓன்ஸ்', அதாவது பதினொன்றின் தொடக்கம். 'நான்' என்பதன் முடிவு நூறில் இருக்கிறது, 'வந்தேன்' என்பதன் முடிவு இருபதில் இருக்கிறது. அச்சு அசலாக அதே ஒலி அல்ல, ஆனால் பிடித்துக்கொள்ள நல்ல கொம்பு. ஓர் எச்சரிக்கை: நான் இங்கே வசதிக்காகத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். 'தெ', 'த்யூ' என்று எழுதி வைத்தால் வாயில் அந்தத் தமிழ் ஒலியே நிலைத்துவிடும்.

கடைசிக் காட்சியில் கேட்டலும் பேசுதலும் ஒன்று சேர்கின்றன. கேக் படத்தைக் காட்டி எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தேர்வாளர் விலை சொல்கிறார். உங்கள் கையில் ஒரு பத்து யூரோத் தாள், சில இரண்டு யூரோ நாணயங்கள். அவர் சொன்னது 'தெ-ஸெரோ'வா, 'தூ-ஸெரோ'வா? ஒரு நாணயத்தை மட்டும் நீட்டிய பிறகும் அவர் கையை மடக்காமல் வைத்திருந்தால், விலை பன்னிரண்டு.