விற்றது ஒரு கம்பெனி, லாபம் இரண்டு கணக்கு

ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை புரட்டும் பங்குதாரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு அறிக்கையைக் காட்டிக் கேட்டார். “சார், துணை நிறுவனத்தை வித்ததுல 40 கோடி லாபம்னு முன்னாடி போட்டிருக்கான். பின்னாடி அதே விற்பனைக்கு 20 கோடின்னு போட்டிருக்கான். எது பொய்?”

இரண்டுமே உண்மைதான். முன்னால் இருப்பது தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கு. பின்னால் இருப்பது தாயையும் துணை நிறுவனங்களையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் ஒருங்கிணைந்த கணக்கு. துணை நிறுவனம் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்த இரண்டையும் வெளியிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் விதி. விற்பனை ஒன்றுதான், வந்த பணமும் ஒன்றுதான். அப்படியிருக்க லாபம் மட்டும் எப்படி மாறியது? அவர் கொண்டுவந்த அறிக்கையின் எண்களைக் கொஞ்சம் உருட்டி எளிமையாக்கி, பெயர்களையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 1 அன்று தாய் நிறுவனம் ஒரு நூற்பாலையின் 80 சதவீதப் பங்குகளை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு ஆலையின் நிலம், இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் சந்தை மதிப்பில் கூட்டிக் கடன்களைக் கழித்தால் 70 கோடி. அதில் 80 சதவீதம் 56 கோடி. ஆனால் கொடுத்ததோ 80 கோடி. கூடுதலாகக் கொடுத்த 24 கோடிக்குத்தான் குட்வில் என்று பெயர். பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ‘நற்பெயர்’ என்று படித்திருப்பீர்கள். வாடிக்கையாளர்கள், பழகிய தொழிலாளர்கள், ஊரில் இருக்கும் பேர் என்று கையில் பிடிக்க முடியாத எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது.

இந்த 24 கோடி ஆலையின் புத்தகத்தில் இருக்காது. தாயின் தனிக் கணக்கிலும் இருக்காது. அங்கே ‘பங்கு முதலீடு 80 கோடி’ என்ற ஒரே வரிதான். குட்வில் வாழும் இடம் ஒருங்கிணைந்த கணக்கு மட்டுமே. அதனால்தான் விற்கும் நாளில் அதை மறந்துவிடுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பேரேட்டைத் திறந்தாலும் அது கண்ணில் படாது.

ஐந்தரை ஆண்டுகள் ஆலை நன்றாக ஓடியது. மொத்தம் 25 கோடி லாபம் சேர்த்தது. ஈவுத்தொகையாக ஒரு ரூபாயும் தரவில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று ஆலையின் நிகரச் சொத்து 95 கோடி. அன்றே தாய் நிறுவனம் தன் பங்குகள் முழுவதையும் 120 கோடிக்கு விற்றது.

தனிக் கணக்கில் வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். 80-க்கு வாங்கி 120-க்கு விற்றதால் லாபம் 40 கோடி.

ஒருங்கிணைந்த கணக்கில் கேள்வி வேறு. அங்கே குழுமம் விற்றது பங்குகளை அல்ல, ஆலையையே. இத்தனை வருடமும் ஆலையின் ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு கடனும் குழுமத்தின் கணக்கில் வரிவரியாகச் சேர்ந்து நின்றன. இப்போது அத்தனையும் வெளியே போகின்றன. நிகரச் சொத்து 95 கோடி போகிறது. அதோடு குட்வில் 24 கோடியும் போகிறது. ஆக 119 கோடி. ஆனால் இதில் 20 சதவீதப் பங்கு வைத்திருந்த வெளியாருக்கும் பாத்தியதை உண்டு. நிகரச் சொத்தில் அவர்களுடைய பங்கு 19 கோடி. அதைக் கழித்தால் தாய் தரப்பிலிருந்து போனது 100 கோடி. வந்தது 120 கோடி. லாபம் 20 கோடி.

மீதி 20 கோடி எங்கே? அது ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆலை சேர்த்த 25 கோடியில் தாயின் பங்கு 80 சதவீதம், அதாவது 20 கோடி. வருடா வருடம் ஒருங்கிணைந்த லாபத்தில் அது வந்துகொண்டேதான் இருந்தது. விற்கும்போது மறுபடியும் 40 என்று காட்டினால், அந்த 20 கோடியை இரண்டு முறை சம்பாதித்ததாக ஆகிவிடும். தனிக் கணக்கோ இத்தனை வருடமும் வாய் திறக்கவில்லை. கடைசி நாளில் 40 கோடியையும் மொத்தமாகச் சொன்னது. வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரை கூட்டிப் பார்த்தால் இரண்டு கணக்கிலும் 40 கோடிதான் வரும். சரிபார்ப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

சரி, குட்வில்லை எடுக்க மறந்தால் என்ன ஆகும்? தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த காலத்தில் நானே இந்தத் தவறைச் செய்தேன். நிகரச் சொத்தை நீக்கினேன், வெளியார் பங்கை நீக்கினேன், லாபத்தைப் பெருமையாக எழுதிக்கொண்டு போனேன். சீனியர் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். “கம்பெனியே போயிடுச்சு. அதோட குட்வில் மட்டும் யார் வீட்ல தம்பி இருக்கு?”

நம் உதாரணத்தில் அந்தத் தவறு நேர்ந்தால் லாபம் 44 கோடியாகிவிடும். இங்கே ஒரு தடயம் கிடைக்கிறது. ஆலை இத்தனை வருடமும் லாபம் ஈட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தை விற்கும்போது ஒருங்கிணைந்த லாபம் தனிக் கணக்கு லாபத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் வழக்கம். அது கூடுதலாக இருந்தால் எங்கோ ஏதோ விட்டுப்போயிருக்கலாம். துணை நிறுவனம் நஷ்டத்தில் ஓடியிருந்தால் இது தலைகீழாகும், அதில் தப்பில்லை.

குட்வில் முழுசாக 24 கோடியாகவே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. இன்றைய இந்தியக் கணக்கியல் தரங்களின்படி அதற்கு ஆண்டுத் தேய்மானம் கிடையாது. ஆனால் வருடம் ஒரு முறையாவது மதிப்புக் குறைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 2022-இல் பஞ்சு விலை ஏறி, ஆலையின் எதிர்காலம் மங்கி, 6 கோடியை நஷ்டமாக எழுதியிருந்தார்கள் என்று வையுங்கள். விற்கும் நாளில் போவது 18 கோடி குட்வில்தான். லாபம் 26 கோடியாகும். இதைப் பார்த்து விற்பனை அமோகம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று விழுங்கிய 6 கோடி இன்று லாபத்தில் திரும்பித் தெரிகிறது. ஆலையின் லாபத்தில் 20-ஐச் சேர்த்து, 6-ஐக் கழித்து, 26-ஐக் கூட்டினால் அதே 40.

இந்த ஓட்டையை ஒரு காலத்தில் பகிரங்கமாகவே திறந்து வைத்திருந்த நாடு பிரிட்டன். 1984-இல் அங்கே வந்த விதிமுறையின்படி, வாங்கிய உடனே குட்வில்லை லாப நஷ்டக் கணக்கின் பக்கமே கொண்டுவராமல் நேரே காப்பு நிதியில் கழித்துவிடலாம். பெரும்பாலான கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. பிறகு அந்தத் துணை நிறுவனத்தை விற்கும்போது நீக்குவதற்குக் குட்வில்லே இருக்காது. கொடுத்த விலையின் ஒரு பகுதி எந்த வருட லாபத்தையும் தொடாமலே காணாமல் போக, விற்பனை லாபம் மட்டும் கொழுகொழுவென்று தெரிந்தது. அதிக விலை கொடுத்து வாங்கி, நஷ்டத்துக்கே விற்றாலும் லாபம் காட்டலாம்! 1991 இறுதியில் அந்நாட்டுக் கணக்கியல் தர வாரியத்தின் அவசரப் பிரச்சினைக் குழு இதற்குக் கடிவாளம் போட்டது. காப்பு நிதியில் கழித்த குட்வில்லையும் மீண்டும் எடுத்துவந்து விற்பனை லாபத்தில் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது.

அடுத்துத் தவறு நடக்கும் இடம் தேதி. கம்பெனிகளின் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. விற்பனை நடப்பதோ நடுவில். நம் ஆலையின் நிகரச் சொத்து 2024 மார்ச்சில் 90 கோடி. அடுத்த ஆறு மாதத்தில் 5 கோடி லாபம் வந்தது. செப்டம்பர் 30 வரை ஆலை குழுமத்தின் பிள்ளைதான் என்பதால் அந்த ஆறு மாத வருமானமும் செலவும் ஒருங்கிணைந்த கணக்கில் வர வேண்டும். சோம்பேறித்தனமாக மார்ச் எண்ணை வைத்தே விற்பனை லாபத்தைப் போட்டால் 20-க்குப் பதில் 24 கோடி வரும். அந்த 4 கோடி ஆறு மாத லாபத்திலும் இருக்கும், விற்பனை லாபத்திலும் இருக்கும்.

பாதி விற்பனைதான் உண்மையில் சிக்கலானது. தாய் 80-இல் 20 சதவீதத்தை மட்டும் விற்று 60-ஐ வைத்துக்கொண்டால் ஆட்சி இன்னும் அதன் கையில்தான். ஒருங்கிணைந்த கணக்கில் லாபமே கிடையாது; வித்தியாசம் நேராகப் பங்குதாரர் நிதிக்குப் போகும், குட்வில் 24 கோடியும் அசையாது. ஆனால் 60-ஐ விற்று 20-ஐ வைத்துக்கொண்டால் ஆட்சி போய்விட்டது. அப்போது முக்கால்வாசிப் பங்குதானே விற்றோம், முக்கால்வாசி குட்வில்லை எடுத்தால் போதும் என்று தோன்றும். அது தவறு. முழு 24 கோடியும் போக வேண்டும். கையில் நிற்கும் 20 சதவீதத்தை அன்றைய சந்தை மதிப்பில் புதிதாக வாங்கியது போல எழுத வேண்டும். 60 சதவீதத்துக்கு 90 கோடி வந்து, மீதிப் பங்கின் மதிப்பு 28 கோடி என்றால், 118-இலிருந்து 100 போக லாபம் 18 கோடி.

இந்த 28 கோடிக்குப் பணம் வரவில்லை. ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கைதான் ஆதாரம். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியாக இருந்தால் அந்த எண்ணை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன். விதி சரியானதுதான், ஆனால் ஆசைக்கு இடம் கொடுக்கும் விதி.

வரியில் இன்னொரு வேடிக்கை உண்டு. வருமான வரித்துறை ஒருங்கிணைந்த கணக்கைப் பார்ப்பதில்லை. அதற்குத் தாயின் 40 கோடிதான் லாபம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்ற நீண்டகாலப் பங்குகளுக்கு 12.5 சதவீதம் என்றால் 5 கோடி, சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. ஒருங்கிணைந்த அறிக்கையில் 20 கோடி லாபத்துக்கு 5 கோடி வரி என்று படிப்பவர், கம்பெனி அதிகமாகக் கட்டிவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

என்னிடம் அறிக்கையோடு வந்தவருக்குக் கடைசியாக இரண்டு இடங்களைக் காட்டினேன். ஒன்று, ஒருங்கிணைந்த கணக்கின் குறிப்புகளில் குட்வில்லின் ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் வரும் அட்டவணை. அதில் ‘விற்பனையால் நீக்கப்பட்டது’ என்று 24 கோடி கழிந்திருக்க வேண்டும். இன்னொன்று பணப்புழக்க அறிக்கை. விற்ற அன்று ஆலையின் வங்கிக் கணக்கில் 8 கோடி இருந்தது, அதுவும் ஆலையோடு போய்விட்டது. ஆகவே அங்கே 120 இல்லை, 112 கோடி என்றுதான் இருக்கும். உங்கள் கையிலும் இப்படி ஓர் அறிக்கை இருந்தால் முதலில் அந்தக் குட்வில் அட்டவணையைத் திறந்து பாருங்கள். குட்வில்லோடு வாங்கிய கம்பெனியை விற்ற வருடத்திலும் அதில் கழித்தல் வரியே இல்லையென்றால், வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள்.