உதடு முந்துகிறது, ஒலி பிந்துகிறது

திரையில் அந்த அம்மாள் "அப்பா" என்று மகனை அழைக்கிறார். உதடுகள் சேர்ந்து பிரிந்தும் விடுகின்றன. அதன் பிறகே "ப்பா" காதில் விழுகிறது. 'ப'வும் 'ம'வும் உதடு ஒட்டாமல் பிறக்காத எழுத்துகள் என்பதால், புளூடூத் இயர்போனின் தாமதம் இந்த இடங்களில்தான் முதலில் பிடிபடும்.

லேப்டாப்பிலிருந்து கிளம்பும் ஒலி முதலில் சுருக்கப்பட்டு, சிறு சிறு துண்டுகளாகக் காற்றில் போகிறது. வழியில் ஒரு துண்டு தவறினால் திரும்ப அனுப்ப வேண்டும். அதுவரை பாட்டு அறுபடாமலிருக்க, இயர்போன் கொஞ்சம் ஒலியை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கும். தொட்டியில் தண்ணீர் தேக்கி வைப்பது மாதிரி. இதற்கெல்லாம் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகிவிடும். 200 மில்லிவினாடியில் ஒலி காற்றில் சுமார் 68 மீட்டர் போகும். அதாவது நடிகரின் முகம் கண்ணெதிரே இருக்க, குரல் மட்டும் அடுத்த தெருவிலிருந்து வருகிறது.

முதலில் இயர்போனைத் துண்டித்து, ஸ்பீக்கரில் அதே காட்சியைப் பாருங்கள். அப்போதும் உதடு பொருந்தாவிட்டால் கோளாறு வீடியோவில். பொருந்தினால் இயர்போன்தான் காரணம்.

இயர்போனை வேகப்படுத்த நம்மால் முடியாது. ஆனால் லேப்டாப்பில் உள்ள படத்துக்கு அடுத்து வரப்போகும் வசனம் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சற்று முன்னதாகவே அனுப்பிவிட்டால், உதடு அசையும் நேரத்துக்குக் காதுக்கு வந்து சேரும். விண்டோஸ் லேப்டாப்பில் VLC பிளேயர் இருந்தால் J விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒலி 50 மில்லிவினாடி முன்னே நகரும். நான்கு முறை அழுத்தினால் 200. யாராவது கைதட்டும் காட்சியையோ, கதவு அறைந்து சாத்தும் காட்சியையோ திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கை சேருமுன்பே சத்தம் வந்தால் அளவு மீறிவிட்டது. K விசை ஒருமுறை பின்னுக்கு இழுக்கும்.

மீறினால் பின்தங்குவதைவிட அதிகமாக உறுத்தும். ஒளிபரப்புத் துறையின் சர்வதேச அளவுகோலின்படி, ஒலி 125 மில்லிவினாடி பிந்தும்போதுதான் நமக்குத் தெரிகிறது, முந்தினாலோ 45-லேயே தெரிந்துவிடும். தூரத்துத் துறையில் துணி கல்லில் விழுந்த பிறகு சத்தம் கேட்பது நமக்குப் பழக்கம். சத்தம் முந்தி வருவதை யாரும் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கருக்கு மாறும்போது, திருத்தத்தையும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மொபைலில் பல வீடியோ ஆப்கள் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தைத் தாமாகவே நிறுத்தி வைத்து ஒலியோடு சேர்த்துக் காட்டுகின்றன. விளையாட்டில் மட்டும் இந்த வழி பலிக்காது. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் அங்கே துப்பாக்கிச் சத்தமே உருவாகிறது. இன்னும் பிறக்காத ஒலியை முன்கூட்டியே அனுப்ப முடியாது. அங்கே வயர் இயர்போனே கைகொடுக்கும்.