ஒரே பேமெண்ட், ரெண்டு ரீசார்ஜ்: போலிங்கும் வெப்ஹூக்கும் மோதிக்கிட்டா என்ன ஆகும்?

*எபிசோடின் சுருக்கப்பட்ட எழுத்து வடிவம்*

தொகுப்பாளர்: கஸ்டமர் 299 ரூபாய் ஒரு தடவைதான் கட்டினார், ஆனா அவர் நம்பருக்கு ரீசார்ஜ் ரெண்டு தடவை போயிடுச்சு. இரண்டாவது 299 கம்பெனி கையிலிருந்து போகுது, திரும்ப வாங்கவும் முடியாது. இது எப்படி நடக்குதுன்னு பேமெண்ட் சிஸ்டம்ல வேலை பார்க்கிற ஒரு டெவலப்பரோட பேசுறோம். முதல்ல, ரெண்டு வழி எதுக்குங்க? ஒண்ணு போதாதா?

டெவலப்பர்: போதாதுங்க. கஸ்டமர் யுபிஐ ஆப்ல பணம் கட்டிட்டு, நம்ம ஆப்புக்குத் திரும்பாமலே போனை வச்சிடலாம். அப்போ கேட்வே அனுப்புற வெப்ஹூக்தான் காப்பாத்தும். அதே வெப்ஹூக் சில சமயம் தாமதமா வரும். ஸ்கிரீன்ல காத்திருக்கிறவருக்காக நாமே ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை கேட்வேகிட்ட ஸ்டேட்டஸ் கேட்கிறோம். அதுதான் போலிங்.

தொகுப்பாளர்: ரெண்டும் ஒரே நேரத்துல வர்றது அபூர்வம்தானே?

டெவலப்பர்: அப்படித்தான் பலரும் நினைக்கிறாங்க. ஆனா ரெண்டையும் கிளப்பிவிடுறது ஒரே சம்பவம், பணம் போய்ச் சேர்ந்த அந்த நொடி. கேட்வே உடனே வெப்ஹூக் அனுப்புது. கஸ்டமரும் அதே நொடியில நம்ம ஆப்புக்குத் திரும்புறார், ஆப் உடனே போல் பண்ணுது. மோதாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

ஆர்டர் 4512-ஐ எடுத்துக்குவோம். போலிங் கோட் டேட்டாபேஸைப் படிக்குது: `PENDING`. 20 மில்லிசெகண்ட் கழிச்சு வெப்ஹூக் கோடும் படிக்குது, அதுக்கும் `PENDING`தான் தெரியுது. முதல் ஆள் `PAID`னு எழுதிட்டு ரீசார்ஜ் பண்றார். இரண்டாவது ஆளும் அதையேதான் செய்றார். ரெண்டு பேருமே "ஏற்கெனவே `PAID`ஆ?"னு பார்த்தாங்க. பார்த்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவுல இருந்த இடைவெளிதான் பிரச்சினை.

தொகுப்பாளர்: டிரான்சாக்ஷனுக்குள்ள போட்டா சரியாயிடாதா?

டெவலப்பர்: ஆகாது. போஸ்ட்கிரெஸ்ல வழக்கமான ஐசொலேஷன் லெவல் ரீட் கமிட்டட். அதுல சாதாரண `SELECT` யாரையும் தடுக்காது. வெப்ஹூக்கோட ஈவென்ட் ஐடியைச் சேமிச்சு டூப்ளிகேட் தடுக்கிறதும் இங்கே உதவாது. அது ஒரே வெப்ஹூக் ரெண்டு தடவை வந்தா பிடிக்கும். ஆனா போலிங்குக்கு ஈவென்ட் ஐடியே கிடையாதே!

பார்க்கிறதையும் எழுதுறதையும் ஒரே வரியாக்கணும்:

```sql
BEGIN;
UPDATE orders SET status = 'PAID'
 WHERE id = 4512 AND status = 'PENDING';
-- 1 வரி மாறியிருந்தால் மட்டும்:
INSERT INTO recharge_jobs (order_id) VALUES (4512);
COMMIT;
```

ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா, ஒருத்தர் வரிசையைப் பூட்டிடுவார், மற்றவர் காத்திருப்பார். பூட்டு திறந்ததும் போஸ்ட்கிரெஸ் `WHERE`ஐ மறுபடி சரிபார்க்கும். இப்போ அது `PENDING` இல்லை, அதனால மாறின வரிகள் 0. அவர் சத்தமில்லாம 200 கொடுத்துட்டுப் போயிடணும். எரர் கொடுத்தா கேட்வே அதே வெப்ஹூக்கைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

தொகுப்பாளர்: ரீசார்ஜை அங்கேயே பண்ணாம, எதுக்கு தனி டேபிள்ல எழுதுறீங்க?

டெவலப்பர்: `PAID`னு எழுதின அடுத்த கணம் சர்வர் விழுந்தா? பணம் வந்தாச்சு, ரீசார்ஜ் நடக்கல, இனி யாரும் அந்த ஆர்டரைத் தொடவும் மாட்டாங்க. வேலையையும் அதே டிரான்சாக்ஷன்ல எழுதிட்டா, தனி வொர்க்கர் பிறகு எடுத்துச் செய்யும். அந்த `order_id`க்கு யூனிக் கன்ஸ்ட்ரைன்ட் கட்டாயம் வேணும்.

தொகுப்பாளர்: `UPDATE`தான் தடுத்துடுதே, அப்புறம் யூனிக் எதுக்கு?

டெவலப்பர்: இன்னொரு ஓட்டை இருக்கு. பணம் சேர்றதுக்கு முன்னாடி ஒரு போல் போய், "பெண்டிங்"னு பதில் வாங்கி, நெட்வொர்க்ல மெதுவா வருது. அதுக்குள்ள வெப்ஹூக் `PAID` ஆக்கிடுச்சு. தாமதமா வந்த பதிலை நம்ம கோட் அப்படியே எழுதினா, ஆர்டர் மறுபடி `PENDING` ஆயிடும். அடுத்த போல் அதைத் திரும்ப `PAID` ஆக்கி, இரண்டாவது ரீசார்ஜைக் கிளப்பும். அதனால ஸ்டேட்டஸ் முன்னாடி மட்டும்தான் நகரணும். யாராவது மறந்தாலும் யூனிக் தடுத்து நிறுத்தும்.

தொகுப்பாளர்: இதோட எல்லாம் பாதுகாப்பா?

டெவலப்பர்: நம்ம டேட்டாபேஸ் வரைக்கும்தான். வொர்க்கர் ஆபரேட்டரோட ஏபிஐ-யைக் கூப்பிட்டு டைம் அவுட் ஆனா, ரீசார்ஜ் நடந்துச்சா இல்லையான்னு தெரியாது. மறுமுயற்சி ஒவ்வொண்ணுக்கும் அதே ரெஃபரன்ஸ் ஐடியை அனுப்பணும். அவங்க டூப்ளிகேட்டைத் தடுக்கலைன்னா, முதல்ல ஸ்டேட்டஸ் கேட்டுட்டுத்தான் மறுபடி முயலணும்.

தொகுப்பாளர்: நம்ம கோட்ல இந்த ஓட்டை இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டெவலப்பர்: லோக்கல்ல படிக்கிற இடத்துக்கும் எழுதுற இடத்துக்கும் நடுவுல மூணு செகண்ட் ஸ்லீப் வைங்க. போலையும் வெப்ஹூக்கையும் சேர்த்து அடிங்க. ரெண்டு ரீசார்ஜ் வந்தா ஓட்டை இருக்கு. புரொடக்ஷன்ல, ஒரே ஆர்டருக்கு ரெண்டு ரீசார்ஜ் இருக்கான்னு லாக்ல தேடுங்க. ரெண்டுக்கும் சில மில்லிசெகண்ட்தான் வித்தியாசம்னா, காரணம் பெரும்பாலும் இந்த மோதல்தான்.