மூன்று மாதச் சம்பளமும் ஒரு பக்கக் கடிதமும்

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். அங்கே கணக்குப் பார்க்கும் பெண் ஒருவருக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் சம்பளம் வந்தது. மே மாதத்துக்கு "பார்ட்டி பணம் வரணும்மா, பத்து நாள் பொறுத்துக்கோங்க" என்றார்கள். ஜூனுக்கும் அதே பதில்தான். ஜூலைக்குப் பதில்கூட இல்லை. வீட்டு வாடகைக்கு நகை அடகுக்குப் போயிருக்கிறது. வேறோர் இடத்தில் வேலை கிடைக்கிறது, ஆனால் உடனே சேர வேண்டும். இவருடைய வேலை ஒப்பந்தமோ இரண்டு மாத நோட்டீஸ் கேட்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் எதற்கு வம்பு என்று "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சிலர் நாளெல்லாம் அடக்கிவைத்த கோபத்தை இரவு பதினோரு மணிக்கு மின்னஞ்சலில் கொட்டுகிறார்கள். இரண்டுமே பணத்தை இழக்கும் வழிகள்.

முதல் வழியில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனம் தர வேண்டியது 96,000 ரூபாய். "சொந்தக் காரணம்" என்று எழுதியதால், தன் வசதிக்காக நோட்டீஸ் கொடுக்காமல் போனவர் ஆகிவிடுகிறார். இரண்டு மாத நோட்டீஸுக்கு 64,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டோம் என்று நிறுவனம் சொல்ல, கையில் மிஞ்சுவது 32,000. இந்தப் பிடித்தம் செல்லாது என்று பிறகு வாதாடலாம். ஆனால் அவர் கைப்பட எழுதிய காரணமே அவருக்கு எதிராக மேசையில் இருக்கும். இரண்டே சொற்களின் விலை 64,000 ரூபாய்.

நோட்டீஸ் கொடுக்காமல் விலகும் உரிமை எங்கிருந்து வருகிறது? சம்பளம் வராவிட்டால் மறுநாளே போகலாம் என்று நேராகச் சொல்லும் ஒரு வரி நம் தொழிலாளர் சட்டங்களில் இல்லை. வாதம் நிற்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில். ஒரு தரப்பு தன் வாக்கை நிறைவேற்ற மறுத்தாலோ, நிறைவேற்ற முடியாத நிலைக்குத் தன்னை ஆக்கிக்கொண்டாலோ, மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. வேலை ஒப்பந்தத்தில் முதலாளி தரும் தலையாய வாக்கு சம்பளம். அது மாதக்கணக்கில் வராதபோது, ஒப்பந்தத்தை முறித்தவர் ஊழியர் அல்ல, நிறுவனம்தான் என்று சொல்ல வழி பிறக்கிறது. ஒரே ஒரு மாதம் பத்து நாள் தள்ளிப்போனதை வைத்து இதைச் சொல்ல முடியாது.

அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. சொல்லாலோ நடத்தையாலோ ஒப்பந்தம் தொடர்வதற்குச் சம்மதம் காட்டியவருக்கு இந்த உரிமை கிடையாது. மூன்று மாதம் வாயே திறக்காமல் வேலைக்கு வந்துபோனால், தாமதத்தை ஏற்றுக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. நல்ல மனசோடு பொறுத்துக்கொண்டதே பலவீனமாகிவிடும். அதனால்தான் விலகல் கடிதத்துக்கு முன்னால் இன்னொரு கடிதம் போக வேண்டும்.

மாதச் சம்பளம் எப்போது நிலுவையாகிறது என்பதில் குழப்பமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரச் சொல்கிறது. முன்பிருந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு மட்டுமே பொருந்தியது. நம் கணக்காளர் அதன்படி வெளியே நிற்க வேண்டியிருந்திருக்கும். புதிய தொகுப்பில் அந்த உச்சவரம்பு இல்லை, மேலாளர்களும் அதற்குள் வருகிறார்கள்.

ஆகவே ஜூலைச் சம்பளத்துக்கான கெடு ஆகஸ்ட் 7. மறுநாள் அவர் அனுப்ப வேண்டிய முதல் கடிதம் இவ்வளவுதான்:

"மே, ஜூன், ஜூலை மாதங்களுக்கான என் சம்பளம், மாதம் 32,000 ரூபாய் வீதம் 96,000 ரூபாய், இன்றுவரை என் வங்கிக் கணக்கில் வரவில்லை. இந்தத் தாமதத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. ஆகஸ்ட் 17-க்குள் முழுத் தொகையையும் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். செலுத்தப்படாவிட்டால், நோட்டீஸ் காலமின்றி வேலையிலிருந்து விலகும் நிலை எனக்கு ஏற்படும்."

இதில் மாதம், தொகை, தேதி, சம்மதமின்மை என எல்லாம் இருக்கின்றன. கெஞ்சலும் இல்லை, திட்டும் இல்லை. கெடுவுக்குள் நிறுவனம் பத்தாயிரம் ரூபாய் மட்டும் போட்டால் அதை வாங்கிக்கொள்ளலாம். "10,000 ரூபாய் பகுதித் தொகையாக வந்தது, மீதி 86,000 நிலுவை" என்று அன்றே எழுதி அனுப்பிவிட வேண்டும்.

பணம் வரவில்லை. ஆகஸ்ட் 18 அன்று விலகல் கடிதம் போகிறது:

"மே, ஜூன், ஜூலை மாதச் சம்பளம் 96,000 ரூபாய் எனக்கு வழங்கப்படவில்லை. ஆகஸ்ட் 8 தேதியிட்ட கடிதத்தில் கேட்டும் இன்றுவரை வரவில்லை. இக்காரணத்தால் மட்டுமே இன்று வேலை நேர முடிவிலிருந்து விலகுகிறேன். சம்பளம் தராததால் ஒப்பந்தத்தைத் தொடர முடியாத நிலை ஏற்பட்டதால், நோட்டீஸ் காலமோ அதற்கு ஈடான தொகையோ என்மீது பொருந்தாது என்பது என் நிலைப்பாடு. நிலுவைச் சம்பளம், ஆகஸ்ட் மாதத்தில் வேலை பார்த்த நாட்களின் சம்பளம், எனக்குச் சேர வேண்டிய மற்றத் தொகைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடமுள்ள நிறுவனப் பொருட்களையும் கோப்புகளையும் இணைப்பிலுள்ள பட்டியலின்படி ஒப்படைக்கிறேன்."

"இக்காரணத்தால் மட்டுமே" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். மேலாளரின் பேச்சு, இடமாற்றம், புதிய வேலை என்று வேறு எதையும் கூடச் சேர்த்தால், உண்மைக் காரணம் அதுதான் என்று நிறுவனம் கை நீட்டும். அடுத்த நிறுவனத்தின் பெயர் இந்தக் கடிதத்தில் வரவே கூடாது. "பொருந்தாது என்பது என் நிலைப்பாடு" என்ற அடக்கமான சொல்லாட்சிக்கும் காரணம் உண்டு. அதைத் தீர்மானிக்கப்போவது அவரோ நிறுவனமோ அல்ல, அதிகாரியோ நீதிமன்றமோதான். இப்படி எழுதியும் நிறுவனம் நோட்டீஸ் தொகை கேட்கலாம். ஆனால் வேலையில் இருந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் ஒருவரைக் கட்டிப்போடாது. பணமாகக் கேட்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். பயிற்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் கடிதத்தை அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு.

இனி அந்த இரவு பதினோரு மணி மின்னஞ்சல். "எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்", "பணத்தைச் சுருட்டி வீடு கட்டுகிறீர்கள்", "கம்பெனி திவால்." வயிறு எரிந்து எழுதுவது புரிகிறது. ஆனால் இவை அடுத்தவரின் எண்ணத்தைப் பற்றியும், நாம் பார்த்திராத கணக்கைப் பற்றியும் சொல்பவை. அவற்றை நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழும். "ஜூன் சம்பளம் வரவில்லை" என்பதை நிரூபிக்க வங்கிக் கணக்கு அறிக்கை ஒரு தாள் போதும். அவதூறு என்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். தன் நலனைக் காக்க, நல்லெண்ணத்தோடு, உரியவரிடம் சொல்வதற்கு அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. நிர்வாகிக்கும் ஹெச்.ஆருக்கும் அனுப்பும் கடிதம் அந்த நிழலில் நிற்கும். அதையே வாடிக்கையாளர்களுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் தள்ளிவிட்டால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும்.

"பணம் தராவிட்டால் உங்கள் வரிக் கணக்கை வெளியிடுவேன்" என்ற மாதிரி வாக்கியங்கள் இதைவிட ஆபத்து. அவை மிரட்டிப் பணம் பறித்தல் என்ற புகாருக்கே வழி திறந்துவிடும். மடிக்கணினியைப் பிணையாக வைத்துக்கொள்வதும் அப்படித்தான்: சம்பளம் கேட்டவர் ஒரே நாளில் பொருள் திருடியவர் ஆகிவிடுவார். கொடுத்துவிட்டு, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஒப்படைத்த விவரத்தை அன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

கடிதத்தைச் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் அலுவலக மின்னஞ்சல் அன்று மாலையே பூட்டப்படலாம். கூடவே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி போகட்டும். பேஸ்லிப், நியமனக் கடிதம், வருகைப் பதிவு, "பத்து நாள் பொறுங்க" என்ற செய்திகள் ஆகியவற்றை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலையும் நிறுவனக் கணக்கையும் தொடவே வேண்டாம். வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக்கையும் ஒருமுறை பாருங்கள். சம்பளத்தில் பிடித்ததை அங்கே கட்டாமல் விட்டிருந்தால் அது தனிப் புகார்.

ஹெச்.ஆர். பிறகு கூப்பிடுவார். "சொந்தக் காரணம்னு மாத்தி எழுதிக் கொடுங்க, ரிலீவிங் லெட்டர் உடனே தர்றோம்" என்பார். ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் "எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்தும் கேட்பார். பணம் கணக்கில் விழுவதற்கு முன் அந்தக் கையெழுத்தைப் போடுவது 96,000 ரூபாயைக் கையால் அழிப்பதற்குச் சமம்.

பொறுத்திருந்தால் என்றாவது வரும் என்று நம்புவோருக்கு ஜெட் ஏர்வேஸின் கதை தெரிந்திருக்க வேண்டும். ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்த நிலையில் 2019 ஏப்ரல் 17 அன்று அதன் விமானங்கள் நின்றன. ஐந்து ஆண்டுக்கு மேல் இழுத்தபின் 2024 நவம்பர் 7 அன்று நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கலைக்கப்படும் நிறுவனத்தில் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கிக்கும் மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கிக்கும்தான் திவால் சட்டம் முன்னுரிமை தருகிறது. அதற்கு மேற்பட்ட பழைய பாக்கி வரிசையில் பின்னால் போகும்.

நிறுவனம் மூடப்படாமல் பணம் மட்டும் வராமல் இருந்தால், ஊதியத் தொகுப்பின் கீழ் உரிய அதிகாரியிடம் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். தொடங்க வேண்டிய இடம் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் தர உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. வேலையை விட்டவரின் கணக்கைத் தீர்க்கச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு வேலை நாள்.