மார்ச் மாதத்தில் அவர் எந்தத் துறை?

பணியாளர் எண் 1042 விற்பனைத் துறையில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூலை 1 முதல் அவர் கணக்குத் துறைக்கு மாற்றப்படுகிறார். கணினியில் 'விற்பனை'யை அழித்து 'கணக்கு' என்று பதிகிறார்கள். ஆகஸ்டில் தணிக்கையாளர் கேட்டு, மார்ச் மாதச் சம்பளச் செலவு அறிக்கையை மறுபடி எடுத்தால், அவருடைய 40,000 ரூபாய் கணக்குத் துறையின் தலையில் ஏறியிருக்கிறது. மொத்தத் தொகை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஏப்ரலில் அச்சிட்ட தாளோடு துறைவாரியாக ஒப்பிடும்போதுதான் தவறு தெரியும்.

அரசு அலுவலகங்களின் பணிப்பதிவேட்டில் பழைய வரியை அழிப்பதில்லை. ஒவ்வொரு மாறுதலுக்கும் தேதியோடு புதிய வரி எழுதுவார்கள். கணினியிலும் அதையே செய்ய வேண்டும். பணியாளர் அட்டவணையிலிருந்து துறையைப் பிரித்து, தனி அட்டவணையில் 'எந்தத் தேதி முதல்', 'எந்தத் தேதி வரை' என்ற இரண்டு தேதிகளோடு வைக்க வேண்டும்.

```
emp_id  dept        from_date   to_date
1042    விற்பனை     2021-04-01  2023-07-01
1042    கணக்கு      2023-07-01  9999-12-31
```

9999 என்பது 'இன்றுவரை தொடர்கிறது' என்பதற்கான அடையாளம். அறிக்கை எந்த நாளுக்கானதோ, அந்த நாளை இப்படிக் கொடுத்துத் தேட வேண்டும்:

```
WHERE from_date <= '2023-03-31'
  AND to_date   >  '2023-03-31'
```

இரண்டாவது வரியில் சமக்குறி இல்லாததைக் கவனியுங்கள். முடிவுத் தேதி அந்தத் துறையில் சேராத முதல் நாள். பலர் இங்கே `BETWEEN` போட்டுவிடுகிறார்கள். அது இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்வதால், ஜூலை 1 அன்று 1042 இரண்டு துறைகளிலும் எண்ணப்படுவார். துறைவாரித் தலைக்கணக்கின் கூட்டுத்தொகை மொத்தப் பணியாளர்களைவிடக் கூடுதலாக வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். குறைவாக வந்தால், யாரோ ஒருவரின் இரண்டு வரிகளுக்கு நடுவே நாட்கள் விடுபட்டிருக்கும்.

இவ்வளவு செய்தாலும் தாமதமாக வரும் ஆணை தொல்லை கொடுக்கும். ஜூலை 1 முதல் மாற்றம் என்று சொல்லும் ஆணை ஜூலை 20-ல்தான் கையெழுத்தாகிறது. ஜூலை 10-ல் எடுத்த அறிக்கையில் அவர் விற்பனையில் இருப்பார். ஆகஸ்டில் அதே நாளுக்கு எடுத்தால் கணக்கில் இருப்பார். அன்று தெரிந்ததை அது சொன்னது, இன்று தெரிந்ததை இது சொல்கிறது. இரண்டும் வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியும் எப்போது பதியப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்று இன்னும் இரண்டு தேதிகள் தேவை. தணிக்கைக்கு உட்பட்ட சம்பளக் கணக்கில் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

ஏற்கெனவே அழித்து எழுதிய நிறுவனம் பழைய மாறுதல் ஆணைகளையும் மாதச் சம்பளப் பட்டியல்களையும் தேடி வரிகளை மீட்க வேண்டும். சான்று கிடைக்காத காலத்துக்கு இன்றைய துறையைப் பின்தேதியிட்டு நிரப்பாமல், 'தெரியவில்லை' என்றே ஒரு துறையாகப் பதியலாம்.