மேக் திரையில் வேண்டிய கட்டம் மட்டும்

மேக் கணினியில் ஷிஃப்ட், கமாண்ட், 4 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், வழக்கமான அம்புக்குறி மறைந்து அந்த இடத்தில் மெல்லிய கோடுகளாலான ஒரு கூட்டல்குறி தோன்றும். அதை ஒட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிறிய எண்கள் இருக்கும். திரையில் வேறெதுவும் மாறாது. ஒலி இல்லை, படமும் இன்னும் எடுக்கப்படவில்லை. விசைகளிலிருந்து கையை எடுத்துவிடலாம். கூட்டல்குறி அப்படியே காத்திருக்கும். இனி மவுஸ் பொத்தானை அழுத்தி, பிடித்தபடியே இழுத்துச் செவ்வகம் வரைய வேண்டும். பொத்தானை விட்டதும் அந்தச் செவ்வகத்துக்குள் இருப்பது மட்டும் படமாகிவிடும்.

பெரும்பாலானவர்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செவ்வகம் சற்றுத் தப்பாக விழுந்தால் படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். அல்லது தாராளமாகப் பிடித்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத வேலை. படம் எடுக்கப்படுவது பொத்தானை விடும் நொடியில்தான். அதுவரை செவ்வகத்தை நகர்த்தலாம், நீட்டலாம், குறுக்கலாம், வேண்டாமென்று கைவிடவும் செய்யலாம். அதற்கான விசைகள் நான்கே: ஸ்பேஸ், ஷிஃப்ட், ஆப்ஷன், எஸ்கேப்.

ஓர் இணையப் பக்கத்தில் ரயில் கால அட்டவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே விளம்பரம், வலப்பக்கம் வேறு செய்திகள், கீழே இன்னொரு விளம்பரம். அட்டவணையை மட்டும் அதன் ஓரக்கோடுகளோடு பிடித்து உறவினர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். கூட்டல்குறியை வரவழைத்து, அட்டவணையின் இடது மேல் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். குறியின் இரு கோடுகளும் வெட்டும் புள்ளி, அட்டவணைக் கோடுகள் சேரும் மூலையின் மேல் உட்கார வேண்டும். அருகில் தெரியும் எண்கள் அந்தப் புள்ளியின் முகவரி. மேல் எண், திரையின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. கீழ் எண், மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. பள்ளிக்கூட வரைபடத்தில் எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும். இங்கே மேலிருந்து கீழே வரும்.

இப்போது பொத்தானை அழுத்தி வலது கீழ் மூலையை நோக்கி இழுத்தால், வெளிறிய சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்று விரியும். அந்தச் சாயம் படத்தில் வராது, கூட்டல்குறியும் வராது. இழுக்கத் தொடங்கியதும் எண்களின் பொருள் மாறிவிடுகிறது. இப்போது அவை காட்டுவது செவ்வகத்தின் அகலத்தையும் உயரத்தையும். அட்டவணையின் மறு மூலையை எட்டும்போது 640, 360 என்று காட்டுகிறது என்று கொள்வோம்.

அப்போதுதான் ஒரு பிழை கண்ணில் படுகிறது. தொடங்கிய மூலை சற்று வலப்பக்கம் தள்ளிப்போய், இடது ஓரக்கோடு செவ்வகத்துக்கு வெளியே நிற்கிறது. பொத்தானை விட்டுவிடக் கூடாது. பிடித்த பிடியிலேயே ஸ்பேஸ் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால், செவ்வகம் அளவு மாறாமல் முழுதாக நகரும். தொடக்க மூலை சரியான இடத்துக்கு வந்ததும் ஸ்பேஸை மட்டும் விட வேண்டும். இழுப்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். தவறாக ஊன்றிய முதல் மூலையைத் திருத்த இதைவிட எளிய வழி கிடையாது. இந்த முறையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், கற்க வேண்டியது இதைத்தான்.

செவ்வகம் இடப்பக்கம் நகர்ந்ததால் இப்போது வலது ஓரம் குறைகிறது. உயரம் சரியாக இருக்கிறது, அகலம் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். சும்மா இழுத்தால் கை சற்று ஏறி இறங்கி உயரமும் கெட்டுப்போகும். இதற்குத்தான் ஷிஃப்ட். பொத்தானைப் பிடித்தபடியே ஷிஃப்டை அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் அகலம் மட்டும் மாறும், உயரம் பூட்டப்பட்டுவிடும். மேலும் கீழுமாக நகர்த்தத் தொடங்கினால் உயரம் மட்டும் மாறும். எந்தத் திசையில் முதலில் அசைகிறோமோ அந்தத் திசைதான் திறந்திருக்கும். திசையை மாற்ற, ஷிஃப்டை விட்டு மறுபடி அழுத்தினால் போதும்.

ஆப்ஷன் விசை தேவைப்படுவது அபூர்வம். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால், தொடங்கிய புள்ளி மூலையாக இல்லாமல் நடுவாகி, செவ்வகம் நான்கு பக்கமும் சமமாக விரியும். வட்டமான முத்திரையையோ முகப்படத்தையோ பிடிக்க இது வசதி. எல்லாம் கெட்டுப்போனதாகத் தோன்றினால் எஸ்கேப். படம் எடுக்கப்படாது, கோப்பும் உருவாகாது, பழைய அம்புக்குறி திரும்பிவிடும்.

ஸ்பேஸ் விசையில் ஒரு குழப்பம் உண்டு. கூட்டல்குறி வந்த பிறகு, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஸ்பேஸைத் தட்டினால், அது செவ்வகத்தை நகர்த்தாது. கூட்டல்குறி ஒரு சிறிய கேமரா உருவமாக மாறிவிடும். அது முழுச் சாளரத்தைப் பிடிக்கும் முறை. கேமராவுக்குக் கீழே உள்ள சாளரம் நிறம் மாறித் தெரியும், சொடுக்கினால் அந்தச் சாளரம் முழுதும் படமாகும். செவ்வகம் வரையப் போனவருக்குக் கேமரா தெரிந்தால், ஸ்பேஸை இன்னொரு முறை தட்டினால் கூட்டல்குறி திரும்பும். ஆக, ஸ்பேஸ் நகர்த்தும் விசையாக இருப்பது பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே.

மடிக்கணினியின் டிராக்பேடில் இதைச் செய்பவர்களுக்கு வேறொரு தொல்லை: இழுத்துக்கொண்டே போகையில் விரல் பலகையின் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. விரலை எடுத்தால் படம் எடுக்கப்பட்டுவிடும். ஒரு கையின் கட்டைவிரலால் பலகையின் கீழ்ப்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலால் இழுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இழுக்கும் விரலை எடுத்து எடுத்து வைக்கலாம். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை செவ்வகம் உயிரோடு இருக்கும். ஸ்பேஸ் விசையைத் தட்ட வேண்டியபோது இழுக்கும் கை மேலே போய் வரலாம்.

திரை உறைந்து நிற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செவ்வகம் வரைந்துகொண்டிருக்கும்போதே பின்னால் வீடியோ ஓடும், கடிகாரம் மாறும். பொத்தானை விடும் நொடியில் என்ன தெரிகிறதோ அதுதான் படத்தில் வரும். ஓடும் காட்சியில் ஒரு கணத்தைப் பிடிக்க விரும்புபவர், செவ்வகத்தை முன்னதாகவே வரைந்து வைத்துக்கொண்டு, அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து பொத்தானை விடலாம்.

பொத்தானை விட்டதும் கேமரா ஒலி கேட்கும்; திரையின் வலது கீழ் மூலையில் படத்தின் சிறு பிரதி ஒன்று சில நொடிகள் நிற்கும். 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து இந்த வழக்கம். அந்தச் சிறுபடம் மறையும்வரை மேசைத்திரையில் கோப்பு இராது. உடனே அங்கே தேடிவிட்டு, படம் பதிவாகவில்லை என்று பலர் மறுபடி எடுப்பது இதனால்தான். அவசரமென்றால் சிறுபடத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டால் போதும். கோப்பு அப்போதே வந்துவிடும். பெயரில் Screenshot என்ற சொல்லும், எடுத்த நாளும் நேரமும் இருக்கும், வகை பிஎன்ஜி.

சிறுபடமும் வரவில்லை, மேசைத்திரையிலும் கோப்பு இல்லை என்றால், கன்ட்ரோல் விசையும் கூடவே அழுத்தப்பட்டிருக்கலாம். ஷிஃப்ட், கமாண்ட், 4 உடன் கன்ட்ரோலும் சேர்ந்தால் படம் கோப்பாகாமல் நகல் பலகைக்குப் போகும். கடிதத்திலோ அரட்டையிலோ கமாண்டும் V-யும் அழுத்திப் பார்த்தால் அங்கே வந்து விழும். அட்டவணையை உறவினருக்கு அனுப்புவது போன்ற, ஒரே ஒருமுறை தேவைப்படும் படங்களுக்கு இதுவே நல்ல வழி. மேசைத்திரையில் குப்பை சேராது.

கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கமாண்டும் I-யும் அழுத்திப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். இழுக்கும்போது 640, 360 என்று காட்டிய செவ்வகம், கோப்பில் 1280, 720 என்று இருக்கிறது. பிழை ஒன்றுமில்லை. 2012-இல் மேக்புக் புரோவில் அறிமுகமாகிப் பின் பரவிய ரெட்டினா திரைகளில், கணினி ஒரு புள்ளி என்று எண்ணுவதை அகலத்தில் இரண்டும் உயரத்தில் இரண்டுமாக நான்கு படத்துணுக்குகள் சேர்ந்து வரைகின்றன. கூட்டல்குறி புள்ளிகளை எண்ணுகிறது. கோப்பு துணுக்குகளை எண்ணுகிறது. ஆகவே விண்ணப்பப் படிவம் ஒன்று 600 துணுக்கு அகலம் கேட்டால், ரெட்டினா திரையில் 300 என்று காட்டும்வரை இழுத்தால் சரியாக வரும். பழைய வகை வெளித்திரையை இணைத்திருந்தால் 600 வரை இழுக்க வேண்டும்.

ஒரே செவ்வகத்தைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியவருக்குக் கூட்டல்குறி பொருந்தாது. ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்தால் ஓரங்கள் ஒன்றுபோல் அமையா. 4-க்குப் பதில் 5-ஐ அழுத்தினால் (இதுவும் மொஹாவியிலிருந்து கிடைப்பது) கைப்பிடிகளோடு ஒரு செவ்வகமும் கீழே ஒரு கருவிப்பட்டையும் வரும். பகுதியைப் பிடிக்கும் முறையைத் தேர்ந்து கட்டத்தை ஒருமுறை அமைத்துவிட்டால், அடுத்த முறை அழைக்கும்போதும் அது அதே இடத்தில் இருக்கும். ரிட்டர்ன் விசையைத் தட்டினால் படம். அந்தப் பட்டையில் உள்ள Options பட்டியலில், படங்கள் சேரும் இடத்தை மாற்றலாம், சிறுபடம் தோன்றுவதை நிறுத்தலாம்.

டெர்மினலில் எழுதத் தயங்காதவருக்குக் கூட்டல்குறி காட்டும் முகவரியே போதும். அட்டவணையின் இடது மேல் மூலையில் 100, 200 என்று காட்டியிருந்தால், அதே கட்டத்தை இந்த ஒரு வரி பிடித்துத் தரும்:

```
screencapture -R100,200,640,360 ~/Desktop/train.png
```

முதல் இரண்டு எண்கள் மூலையின் முகவரி, அடுத்த இரண்டும் அகலமும் உயரமும். இவையும் புள்ளிக் கணக்கே. 2019-இல் வந்த கேட்டலினா முதல், திரையைப் பதிவு செய்ய டெர்மினலுக்குத் தனியே அனுமதி தர வேண்டும். அது தரப்படாதபோது வரும் படத்தில் பின்னணிச் சுவர்ப்படம் மட்டும் இருக்கும், அட்டவணை இராது. ஷிஃப்ட், கமாண்ட், 4-க்கு அந்த அனுமதி தேவையில்லை.