தந்த பலகையும் தந்தப் பலகையும்

‘தந்த பலகை’ என்றால் யாரோ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. அதே போல, ‘வேலை கொடு’ என்பவர் பிழைப்புக்கு வழி கேட்கிறார். ‘வேலைக் கொடு’ என்பவர் முருகன் கையில் இருக்கும் வேலையே கேட்கிறார். இரண்டு சொற்களுக்கும் நடுவே என்ன உறவு என்பதை அந்த ஒற்றை மெய்யெழுத்து சொல்லிவிடுகிறது.

இரண்டு சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்கிறோம். முதலில் நிற்பது நிலைமொழி, அடுத்து வருவது வருமொழி. சேரும்போது எந்த மாற்றமும் இல்லாவிட்டால் அது இயல்புப் புணர்ச்சி. மாற்றம் இருந்தால் அது மூன்று வகைக்குள் அடங்கும் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். வாழை, பழம் இரண்டும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது ‘ப்’ புதிதாகத் தோன்றுகிறது. பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ என்பது ‘ற்’ எனத் திரிகிறது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது ‘ம்’ கெடுகிறது. தந்தப் பலகையில் இரண்டு மாற்றங்கள்: தந்தம் என்பதன் ‘ம்’ கெட்டு, அந்த இடத்தில் ‘ப்’ தோன்றியது.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தோன்றலில்தான். ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். வருமொழி க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கினால் மட்டுமே வல்லின ஒற்று மிகுமா என்ற கேள்வியே எழும். ட, ற இரண்டும் வல்லினம்தான் என்றாலும், தமிழ்ச் சொற்களுக்கு அவை முதலில் வருவதில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வேண்டுமென்றே ஒற்றுகளை எல்லாம் நீக்கி எழுதியது இது:

தங்கை பெரிய கடைக்கு போய் பச்சை புடவையை கேட்டு வாங்கி கொடுத்தாள்.

‘தங்கை பெரிய’: தங்கை இந்த வாக்கியத்தின் எழுவாய். எழுவாயை அடுத்து ஒற்று மிகாது. ‘பெரிய கடை’: பெரிய என்பது பெயரெச்சம். பெரிய, வந்த, தந்த போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. ‘தந்த பலகை’யில் ‘ப்’ வராததும் இதனால்தான்.

‘கடைக்கு போய்’: ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு. அது வெளிப்படையாக வந்தால் மிகும். எனவே கடைக்குப் போய். ‘புடவையை கேட்டு’ என்பதில் ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை உருபு. அதற்கும் இதே விதி; புடவையைக் கேட்டு. உருபு மறைந்துவிட்டால் கதை வேறு. ‘பாலைக் குடித்தான்’ என்பதில் மிகும், ‘பால் குடித்தான்’ என்பதில் மிகாது.

‘பச்சை புடவை’: பச்சை நிறத்தைச் சொல்லும் பண்புத்தொகை, பச்சைப் புடவை. ‘போய் பச்சை’, ‘வாங்கி கொடுத்தாள்’ இரண்டிலும் முதல் சொல் வினையெச்சம். ‘ய்’ அல்லது ‘இ’ என முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும். போய்ப் பச்சை, வாங்கிக் கொடுத்தாள். ‘கேட்டு வாங்கி’ என்பதில் வருமொழி ‘வா’ என்று தொடங்குவதால் பேச்சே இல்லை.

ஆனால் ‘கேட்டு’க்குப் பின் ‘சொன்னாள்’ வந்தால்? ‘உ’ என முடியும் வினையெச்சத்தில் கடைசி எழுத்துக்கு முந்தைய மெய்யைப் பாருங்கள். அது வல்லினமாக இருந்தால் மிகும்: கேட்டுச் சொன்னாள், படித்துக் காட்டினாள். மெல்லினமோ இடையினமோ ஆனால் மிகாது: வந்து சொன்னாள், செய்து கொடுத்தாள்.

இப்போது வாக்கியம் இப்படி ஆகும்:

தங்கை பெரிய கடைக்குப் போய்ப் பச்சைப் புடவையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

ஒற்றை விடுவதைப் போலவே, தேவையில்லாத இடத்தில் சேர்ப்பதும் பிழை. வினைத்தொகையில் மிகாது என்பதால் ஊறுகாய், சுடுசோறு என்றே எழுத வேண்டும். உம்மைத்தொகையிலும் அப்படியே: வெற்றிலை பாக்கு, இரவு பகல். ‘அந்த’, ‘இந்த’ இரண்டுக்கும் பின் மிகும், ‘அது’, ‘இது’ இரண்டுக்கும் பின் மிகாது: அந்தப் பையன், அது பெரியது. உறவு ஒன்றாக இருந்தும் ஒற்று மாறும் இடமும் உண்டு. புலியின் தோல் ‘புலித்தோல்’ ஆகும். தம்பியின் கை ‘தம்பி கை’ என்றே நிற்கும். மனிதரைக் குறிக்கும் பெயர்கள் இப்படிப் பெரும்பாலும் இயல்பாகவே புணரும்.

ஐயம் வந்தால் தொகையை விரித்துப் பாருங்கள். ‘கடைப்பிடித்தாள்’ என்றால் ஒழுக்கத்தையோ விதியையோ விடாமல் பின்பற்றினாள். ‘கடை பிடித்தாள்’ என்றால் வியாபாரத்துக்கு ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தாள். இரண்டாவதில் ‘ஐ’ மறைந்திருக்கிறது, அதனால் ‘ப்’ இல்லை.